“விலை அதிகம்” என்று சொல்லிப் போகும் சந்தாதாரர்கள்: விலகல் காரணமும் பயன்பாட்டுத் தரவும் முரண்படும்போது எங்கே தேடுவது

சந்தா முறையில் விற்கப்படும் மென்பொருளில் ஒருவர் சந்தாவை ரத்து செய்யும்போது, ஏன் விலகுகிறீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் திரையில் வரும். அவர் ஐந்தாறு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு வெளியேறுவார். அது வெளியேறும் அவசரத்தில் அவர் சொல்ல விரும்பிய விடை. அதற்கு முந்தைய வாரங்களில் அவர் மென்பொருளைக் கொண்டு என்ன செய்தார், எப்போது நிறுத்தினார் என்பது பயன்பாட்டுப் பதிவில் தனியாகக் கிடக்கிறது. விடையை மட்டும் நம்பினால் விலையைக் குறைத்துக்கொண்டே போக நேரும். பதிவை மட்டும் நம்பினால் “பயன்படுத்தாதவர்கள் விலகினார்கள்” என்ற, எதற்கும் உதவாத முடிவில் நிற்போம். இரண்டையும் கணக்கு வாரியாகப் பொருத்த வேண்டும். ஆனால் பொருத்தும் இடத்திலேயே பிழைகள் நுழைந்துவிடுவதால், உங்கள் அறிக்கையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிப் பிழையைத் தேடும் வகையில் இதை அமைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, இந்தியாவில் சிறு கடைகளும் சிறு நிறுவனங்களும் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் பில் போடும் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஒரு காலாண்டில் 400 சந்தாக்கள் முடிவுக்கு வந்தன. விலகல் கேள்விக்கு வந்த விடைகள் 200. அவற்றில் “விலை அதிகம்” 84, “பயன்படுத்துவதில்லை” 46, “தேவையான வசதி இல்லை” 28, “வேறு மென்பொருளுக்கு மாறுகிறேன்” 18, “வேறு காரணம்” 24.

## அறிகுறி: முடிந்த சந்தாக்களின் எண்ணிக்கைக்கும் விடைகளின் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி

முதலில் 400 பேரும் தாங்களாகவே ரத்து செய்தவர்களா என்று பிரிக்க வேண்டும். இணையவழிப் பணச் சேவையான ஸ்ட்ரைப் வழியே பணம் பெறுவோருக்கு, சந்தாப் பதிவில் `cancellation_details` என்ற பகுதி இருக்கிறது. அதில் `reason` என்பது சந்தா எந்த வழியில் முடிந்தது என்பதையும், `feedback` என்பது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த விடையையும் காட்டும். `reason` என்பதில் `cancellation_requested` இருந்தால் அவரே கேட்டு ரத்து செய்தார். `payment_failed` இருந்தால் பணம் வராமல் சந்தா முடிந்தது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் இந்த இரண்டு புலங்களையும் ஒன்றாகக் கருதிவிடும் அறிக்கைகள் ஏராளம். கூகுள் பிளே வழியே விற்கும் செயலிகளிலும், பயனர் ரத்து செய்ததும் அமைப்பு ரத்து செய்ததும் தனித்தனியாகவே பதிவாகின்றன. நம் எடுத்துக்காட்டில் 110 சந்தாக்கள் பணம் வராமல் முடிந்தன. 290 பேர் தாங்களாக ரத்து செய்தனர். அந்த 290 பேரில் 90 பேர் கேள்விக்கு விடை சொல்லாமல் கடந்துவிட்டனர்.

பணம் வராமல் முடிந்த 110 பேரைத் “தொழில்நுட்பக் கோளாறு” என்று ஒதுக்கிவிடுவது இந்தியச் சூழலில் பெரிய தவறாக முடியும். வாடிக்கையாளரின் அட்டையிலிருந்தோ கணக்கிலிருந்தோ தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கும் தானியங்கிப் பற்றுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். அப்போதே அவர் அந்தப் பற்றையோ முழு அனுமதியையோ நிறுத்திவிட முடியும். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய தொகையின் வரம்பு 2021இல் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ரூபாய் ஆனது. யுபிஐ செயலியிலேயே தானியங்கி அனுமதியை ரத்து செய்ய வழி இருப்பதால், உங்கள் ரத்துப் பக்கத்துக்கு வராமலே ஒருவர் விலகிவிடலாம். உங்கள் பதிவில் அவர் பணம் கட்டத் தவறியவராகவே தெரிவார்.

இவர்களைப் பிரித்தறியப் பயன்பாட்டுப் பதிவு உதவும். பணம் தவறிய நாள் வரை வழக்கம்போல் பில் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அட்டையோ வங்கியோதான் சிக்கலாக இருந்திருக்கும். மீண்டும் பணம் பெற முயல்வதும் நினைவூட்டுவதும் அவரைத் திரும்பக் கொண்டுவரும். ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே பயன்பாட்டை நிறுத்திவிட்டவரோ, சொல்லாமல் விலகியவர். 110 பேரில் 68 பேர் முதல் வகை, 42 பேர் இரண்டாம் வகை என்று வந்தால், தாமாக விலகியவர்கள் 290 பேர் அல்லர், 332 பேர்.

விடை சொல்லாத 90 பேரையும் இதேபோல் பார்க்க வேண்டும். விடை சொன்ன 200 பேரில் 62 பேர் மென்பொருளைச் சரியாகத் தொடங்கவே இல்லை என்றும், சொல்லாத 90 பேரில் 58 பேர் அப்படி என்றும் வைத்துக்கொள்வோம். முன்னவர்களில் அது 31 விழுக்காடு, பின்னவர்களில் 64 விழுக்காடு. தொடங்காதவருக்குக் குறை சொல்லக்கூட எதுவும் இருக்காது. ஆகவே அவர் விடையளிப்பதும் குறைவு. இந்த இடைவெளி தெரியும்போது, விடைகளின் விழுக்காட்டை எல்லா விலகல்களுக்கும் பொதுவானதாக அறிக்கையில் எழுதக் கூடாது.

## அறிகுறி: விலகிய எல்லாருமே கடைசி வாரங்களில் பயன்பாட்டை நிறுத்தியவர்களாகத் தெரிகிறார்கள்

வரைபடத்தில் ஒவ்வொருவரின் பயன்பாடும் ஒரே மாதிரி சரிந்து பூஜ்யத்தில் முடிந்தால், சந்தோஷப்பட வேண்டாம்; தேதியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் சந்தா முடிந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியிருப்பீர்கள். ஆண்டுச் சந்தா எடுத்த ஒருவர் இரண்டாம் மாதத்தில் ரத்து செய்தாலும், அவருடைய சந்தா பன்னிரண்டாம் மாதத்தில்தான் முடியும். முடிவுக்கு முந்தைய எட்டு வாரங்களை எடுத்தால், பத்து மாதங்களுக்கு முன்பே மனம் விட்டுப்போன ஒருவரின் வெறுமையைத்தான் அளக்கிறீர்கள். ஸ்ட்ரைப்பில் `cancel_at_period_end` முறையில் ரத்து செய்தால், `canceled_at` அவர் ரத்து கேட்ட நேரத்தையும் `ended_at` சந்தா உண்மையில் முடிந்த நேரத்தையும் காட்டும். விலகல் ஆய்வுக்கு வேண்டியது முதலாவது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ரத்து செய்து, மனம் மாறி மீட்டுக்கொண்டு, சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்து செய்தால், சந்தாப் பதிவில் கடைசி முறைதான் எஞ்சியிருக்கும். முதல் முறை சொன்ன விடை அழிந்துவிடும். இரண்டு முறையும் வேறுவேறு காரணம் சொல்லியிருந்தால் அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தடயம். ஆகவே சந்தாவின் தற்போதைய நிலையை மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொரு ரத்துக் கோரிக்கையையும் வரும்போதே தனி அட்டவணையில் ஒரு வரியாகச் சேமித்து வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிழையும் அடிக்கடி நடக்கிறது: தொடங்காதவர்கள் அறிக்கையிலிருந்தே காணாமல் போவார்கள். பயன்பாட்டு நிகழ்வு ஒன்றுகூட இல்லாத கணக்கு, ரத்து அட்டவணையையும் நிகழ்வு அட்டவணையையும் சாதாரணமாக இணைக்கும்போது உதிர்ந்துவிடும்; பயன்பாடு இல்லாத வாரமும் வரியாக வராது என்பதால் சராசரி செயற்கையாக உயரும். கீழே உள்ள கட்டளை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கானது. அது ரத்து கேட்ட நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரங்களைப் பூஜ்யங்களோடு சேர்த்து எடுக்கும்.

```sql
SELECT c.account_id, c.decided_at, c.feedback, w.wk,
       COUNT(e.event_at) AS invoices
FROM cancellations c
JOIN generate_series(1, 12) AS w(wk)
  ON c.decided_at - w.wk * INTERVAL '7 days' >= c.started_at
LEFT JOIN events e
  ON e.account_id = c.account_id
 AND e.name = 'invoice_sent'
 AND e.event_at >= c.decided_at - w.wk * INTERVAL '7 days'
 AND e.event_at <  c.decided_at - (w.wk - 1) * INTERVAL '7 days'
GROUP BY 1, 2, 3, 4;
```

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். `COUNT(*)` என்று எழுதினால் பூஜ்யமான வாரமும் ஒன்று என்று எண்ணப்படும். `events` அட்டவணை பற்றிய நிபந்தனைகளை `WHERE` பகுதிக்கு மாற்றினால் தொடங்காதவர்கள் மறுபடியும் உதிர்ந்துவிடுவார்கள். `started_at` நிபந்தனை இல்லாவிட்டால், நான்கு வாரம் மட்டுமே சந்தாவில் இருந்தவருக்கு அவர் சேர்வதற்கு முந்தைய எட்டு வாரங்களும் பூஜ்யமாகப் பதிவாகி, அவர் திடீரென்று எழுந்து மறைந்தவரைப் போலத் தோன்றுவார். அதே நிபந்தனையால், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாமல் விலகியவர்கள் இந்தக் கட்டளை தரும் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: “விலை அதிகம்” முதலிடத்தில் இருக்கிறது, ஆனால் தள்ளுபடி கொடுத்தாலும் விலகல் குறையவில்லை

இதுதான் மிக அதிகமாக வரும் அறிகுறி. இங்கே பொறுமையாக நிற்க வேண்டும். விலை என்ற விடை யாரையும் புண்படுத்தாது, மேலும் விளக்கம் கேட்கத் தூண்டாது, சொல்பவரைக் குறைத்துக் காட்டாது. “எங்களுக்கு இதை இயக்கத் தெரியவில்லை” என்று சொல்வதைவிட “கட்டுப்படியாகவில்லை” என்று சொல்வது எளிது. ஆகவே அந்த ஒரு விடைக்குள் வேறு வேறு கதைகள் ஒதுங்கிக்கொள்கின்றன. அவற்றைப் பிரிப்பது பயன்பாட்டின் வடிவம்.

விலை என்று சொன்ன 84 பேரை மூன்றாகப் பிரிப்போம். சேர்ந்த முதல் 30 நாள்களில் ஐந்து பில்லுக்கும் குறைவாகப் போட்டவர்கள் தொடங்காதவர்கள். ரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களின் வாரச் சராசரி, அதற்கும் முந்தைய எட்டு வாரங்களின் சராசரியில் பாதிக்கும் கீழே போனவர்கள் நின்றுபோனவர்கள். மற்றவர்கள் நிலையாகப் பயன்படுத்தியவர்கள். ஐந்து, பாதி போன்ற எல்லைகளை விலகல் விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, நீடித்திருப்பவர்களின் பதிவிலிருந்து முடிவு செய்து எழுதிவைத்துவிட வேண்டும். விடைகளைப் பார்த்தபிறகு எல்லையை நகர்த்தத் தொடங்கினால், நாம் நம்ப விரும்பும் கதைக்கு ஏற்ற எல்லை எப்படியும் கிடைத்துவிடும்.

பிரித்தபோது தொடங்காதவர்கள் 37, நின்றுபோனவர்கள் 26, நிலையாகப் பயன்படுத்தியவர்கள் 21 என்று வந்தது. 84 பேரில் 37 என்பது 44 விழுக்காடு. இது அதிகமா என்பதை, நீடித்திருப்பவர்களை அருகில் வைத்துத்தான் சொல்ல முடியும். விலகிய ஒவ்வொருவருக்கும், அதே மாதத்தில் அதே திட்டத்தில் சேர்ந்து இன்னும் நீடிக்கும் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை இன்றைய நிலையில் அல்லாமல், விலகியவர் விலகியபோது எத்தனை மாதச் சந்தாதாரரோ அந்த வயதில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நான்காம் மாதத்தில் விலகியவரை மூன்று ஆண்டு பழகியவரோடு ஒப்பிட்டால் எல்லாமே வேறுபாடாகத் தெரியும். அப்படிப் பார்க்கும்போது நீடிப்பவர்களில் 100க்கு 12 பேர் தொடங்காதவர்கள், 9 பேர் நின்றுபோனவர்கள், 79 பேர் நிலையானவர்கள் என்று வந்தால், 44 என்ற எண்ணுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. ஒருவேளை நீடிப்பவர்களிலும் 40 பேர் தொடங்காதவர்களாகவே இருந்திருந்தால், அந்த 44 எதையும் சொல்லியிருக்காது. விலகியவர்களை மட்டும் அலசி எழுதப்படும் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்த ஒப்பீட்டைத்தான். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

இனி மூன்று குழுக்களையும் தனித்தனியே பார்க்கலாம். தொடங்காத 37 பேர் எதற்கும் பயன்படாத ஒன்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் எந்த விலையும் அதிகம்தான். விலையில் 30 விழுக்காடு குறைத்தால் அவர்கள் இன்னும் ஓரிரு மாதம் கட்டிவிட்டுப் போவார்கள். பதிவில் அவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்று தேட வேண்டும். பொருள் பட்டியலை ஏற்றும் படியைக் கடக்காதவர்கள் எத்தனை பேர், ஜிஎஸ்டி எண்ணைப் பதியும் படியில் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், விலகல் கேள்வியில் ஒருபோதும் வராத காரணம் கைக்குக் கிடைக்கும்.

நின்றுபோன 26 பேரைக் கணக்கு அளவில் மட்டும் பார்த்தால் போதாது. கணக்குக்குள் இருக்கும் ஒவ்வொரு பயனரையும் பார்க்க வேண்டும். அவர்களில் 15 கணக்குகளில், அன்றாடம் பில் போட்டுவந்த ஒருவரின் லாகின் ஒரே வாரத்தில் முற்றிலும் நின்றுவிட்டது என்றும், கடை உரிமையாளரின் லாகின் மட்டும் எப்போதாவது தொடர்ந்தது என்றும் தெரியவந்தால், நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. மென்பொருளை இயக்கத் தெரிந்த பணியாளர் போய்விட்டார்; அடுத்தவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை; இரண்டு மாதம் கழித்துப் பணம் போவதைக் கவனித்த உரிமையாளர் ரத்து செய்தார். ரத்து செய்தவருக்குத் தெரிந்தது கட்டணம் மட்டும் என்பதால் அவர் தொட்ட விடை விலை. விடை சொன்னவர் ஒருவர், பயன்படுத்தியவர் வேறொருவர் என்பது நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருளில் சாதாரணம். ஆகவே ரத்துப் பதிவில் கணக்கு எண்ணோடு, பொத்தானை அழுத்திய பயனரின் எண்ணையும் சேமிக்க வேண்டும். ஆனாலும் இது ஊகமே என்பதை மறக்க வேண்டாம். அந்த 15 பேரில் ஐந்தாறு பேரைத் தொலைபேசியில் அழைத்து, “விலை ஏன் அதிகம்” என்று கேட்காமல், “கடையில் பில் யார் போட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது எப்படிப் போடுகிறீர்கள்” என்று கேட்டால், ஊகம் நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும்.

கடைசி நாள் வரை நிலையாகப் பயன்படுத்திய 21 பேர்தான் விலையைப் பற்றி உண்மையாகப் பேசக்கூடியவர்கள். இவர்களிலும் எந்தத் திட்டத்தில் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 13 பேர் உயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு, கீழ்த்திட்டத்திலேயே கிடைக்கும் வசதிகளை மட்டும் பயன்படுத்தியிருந்தால், அவர்களுக்குத் தேவை தள்ளுபடி அல்ல, கீழ்த்திட்டத்துக்கு இறங்கும் வழி. ரத்துப் பக்கத்தில் அந்த வழி கண்ணில் படுகிறதா என்று சரிபாருங்கள். எஞ்சிய எட்டுப் பேருக்குத்தான் விலையே காரணம் என்று இந்தப் பதிவைக் கொண்டு சொல்ல முடிகிறது. 84 என்று தொடங்கிய எண் இங்கே எட்டாகச் சுருங்குகிறது; எல்லாருக்கும் கொடுத்த தள்ளுபடி ஏன் எடுபடவில்லை என்பதும் விளங்குகிறது.

எட்டு, பதின்மூன்று போன்ற சிறிய எண்களை வைத்து விழுக்காடு போடாதீர்கள். அடுத்த காலாண்டில் மூன்று பேர் இடம் மாறினாலே முடிவு தலைகீழாகிவிடும். இரண்டு மூன்று காலாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தும் அதே சாய்வு தெரிகிறதா என்று காத்திருப்பது நல்லது.

## அறிகுறி: “பயன்படுத்துவதில்லை” என்கிறார், பதிவோ பயன்படுத்தியதாகக் காட்டுகிறது

இங்கே வாடிக்கையாளரைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் நிகழ்வுப் பதிவைச் சந்தேகியுங்கள். பில் போடும் மென்பொருள்களில், மாதந்தோறும் ஒரே தொகைக்கு ஒரே வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில்லைத் தானாக அனுப்பும் வசதி இருக்கும். யாரும் தொடாமலே மென்பொருள் அதை அனுப்பிக்கொண்டிருக்கும். அதுவும் `invoice_sent` என்றே பதிவானால், ஆறு மாதமாக உள்ளே வராத கணக்கும் நிலையான பயன்பாடாகத் தெரியும். “பயன்படுத்துவதில்லை” என்ற 46 பேரில் 12 பேர் இப்படி முரண்பட்டால், அந்த நிகழ்வுகளை ஒரு மனிதர் தொடங்கினாரா, அமைப்பு தொடங்கியதா என்று பிரித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இணையம் இல்லாத நேரத்தில் கைப்பேசியில் போட்ட பில்கள் பின்னர் மொத்தமாக ஏறும்போது, அவற்றுக்கு ஏறிய நேரத்தைப் பதிகிறீர்களா, போட்ட நேரத்தைப் பதிகிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாரக் கணக்கு முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு: பயன்படுத்துபவரை நின்றுபோனவர் என்று நாமே முத்திரை குத்திவிடுவோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் ஜிஎஸ்டி விவரத் தாக்கலை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பில்லை வேறு வழியில் போட்டுவிட்டு, தாக்கலுக்கான அறிக்கையை எடுக்க மட்டும் மென்பொருளுக்கு வரும் ஒருவர், காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் முதல் பாதியில் மும்முரமாக இருப்பார். பிறகு பத்து வாரம் காணமாட்டார். மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவருக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. அவருடைய பயன்பாடும் அந்தத் தேதியைச் சுற்றியே குவியும். நான்கு வார மௌனம் ஒருவருக்கு விலகலின் அடையாளம், இன்னொருவருக்கு வழக்கமான இடைவெளி. ஆகவே தாக்கல் முறை எது என்பதைக் கணக்கின் பண்பாகச் சேர்த்து, காலாண்டுக்காரர்களின் சரிவை முந்தைய காலாண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட வேண்டும்.

## அறிகுறி: இருக்கிற வசதியையே இல்லை என்கிறார்கள்

இது எளிது. “தேவையான வசதி இல்லை” என்ற 28 பேர் எழுதிய குறிப்புகளைக் கையால் படித்து, அவர்கள் கேட்டது உண்மையில் இல்லாதது, வேறு திட்டத்தில் இருப்பது, அவர்கள் திட்டத்திலேயே இருப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாம் வகையினர் அந்த வசதி இருக்கும் பக்கத்தை ஒருமுறையாவது திறந்தார்களா என்று பதிவில் பாருங்கள். திறக்கவே இல்லை என்றால் வசதியை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். திறந்து, ஓரிரு முறை முயன்று விட்டிருந்தால் வசதி சரியாக வேலை செய்யவில்லை. குறிப்பு எழுதாதவர்களை இந்தப் பிரிவுகளில் எதிலும் திணிக்க வேண்டாம்.

## அறிகுறி: ஒரே மாதத்தில் காரணங்களின் பங்கு திடீரென்று மாறிவிட்டது

பயன்பாட்டுக் குழுக்களின் பங்கு அந்த மாதத்தில் மாறியதா என்று முதலில் பாருங்கள். தொடங்காதவர், நின்றுபோனவர், நிலையானவர் ஆகிய மூவரின் விகிதம் முன்போலவே இருந்து, விடைகள் மட்டும் மாறியிருந்தால், மாறியது வாடிக்கையாளர் அல்ல, படிவம். விடைகளின் வரிசையை யாரோ மாற்றியிருப்பார்கள், அல்லது கட்டாயமில்லாத கேள்வியைக் கட்டாயமாக்கியிருப்பார்கள். கட்டாயமாக்கினால் இதுவரை பேசாமல் போனவர்கள் முதலில் கண்ணில் படும் விடையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கேள்வி தோன்றியதற்கும் விடை வந்ததற்கும் இடையிலான நொடிகளைச் சேமித்துவைத்தால் இத்தகைய விடைகளை அடையாளம் காணலாம். ஒவ்வொருவருக்கும் விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டி, எந்த வரிசை காட்டப்பட்டது என்பதையும் பதிந்துவைத்தால், முதலிடத்தில் இருப்பதாலேயே கூடுதலாக எத்தனை தொடுகை கிடைக்கிறது என்பது அளவாகத் தெரியும்.

இன்னொரு வழக்கமான காரணம், “விலை அதிகம்” என்று தொட்டால் தள்ளுபடி காட்டும் பக்கம். இது ஓரிடத்தில் அறிமுகமானதும் செய்தி பரவுகிறது. முன்பு விலகித் திரும்பி வந்தவர்களும் அதை அறிவார்கள். பிறகு அந்த விடை காரணமாக இல்லாமல் சலுகை கேட்கும் பொத்தானாக மாறிவிடுகிறது. நிலையாகப் பயன்படுத்துபவர்கள் நடுவில் மட்டும் “விலை” விடை பெருகி, அவர்களில் பலர் சலுகையை ஏற்று நீடித்தால் இதுவே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். காரணம் கேட்கும் திரையையும் சலுகை காட்டும் திரையையும் பிரித்து, எந்த விடை சொன்னாலும் ஒரே சலுகைதான் என்று வைத்தால் விடை மறுபடி நம்பத்தக்கதாகும்.

## அறிகுறி: ஒரு காரணத்தைச் சரிசெய்தோம், அந்த விடை குறைந்தது, மொத்த விலகல் குறையவில்லை

“விலை அதிகம்” 84இலிருந்து 50ஆகக் குறைந்து, அதே காலாண்டில் “பயன்படுத்துவதில்லை” 46இலிருந்து 80ஆக உயர்ந்தால், அதே மக்கள் வேறு விடை சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று முதலில் ஐயப்பட வேண்டும். இதைச் சோதிக்க, வெற்றியை விடைகளால் அளக்காமல் குழுக்களால் அளக்க வேண்டும்: புதிதாகச் சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் தொடங்காதவர்களாக நின்றார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்காம் மாதத்தைத் தாண்டினார்கள் என்பதுதான் கணக்கு.

மாற்றத்தை எல்லாருக்கும் ஒரே நாளில் செய்துவிட்டால் இதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பண்டிகைக் காலமும் மார்ச் மாத ஆண்டுக்கணக்கு முடிவும் அதே நேரத்தில் குறுக்கிடும். ஆகவே பொருள் பட்டியலை ஏற்ற உதவும் புதிய படியைப் புதியவர்களில் பாதிப் பேருக்கு மட்டும், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள். சோதனை தள்ளுபடியைப் பற்றியது என்றால், தள்ளுபடிக் காலம் முடிந்து முழு விலையில் குறைந்தது இரண்டு முறை பணம் எடுக்கப்பட்ட பிறகே இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். மூன்று மாதத் தள்ளுபடியை இரண்டாம் மாதத்தில் அளந்தால் அது எப்போதும் வெற்றியாகத்தான் தெரியும்.